சபைக்குப் போகும் வரைபுகளுக்கு ஒரு பக்க முகப்புக் குறிப்பு எழுதுவது எப்படி

யாழ்ப்பாணத்தில் ஒரு பல நோக்குக் கூட்டுறவுச் சங்கத்துக்குக் காலாண்டு வரைபுகள் தயாரித்துக் கொடுக்கும் வேலை சில காலம் எனக்கு இருந்தது. ஆறு கடைக் கிளைகள், ஒரு கிராமிய வங்கி. பணிப்பாளர் சபையில் இருந்தவர்களில் பாதிப் பேர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். மற்றவர்களில் கமக்காரர், கடை வைத்திருப்பவர் என்று பலரும் இருந்தார்கள். கூட்டத்துக்கு ஒரு கிழமை முன்னதாக 11 வரைபுகளை பிடிஎஃப் ஆக்கி வட்ஸ்அப்பில் அனுப்புவேன். "இணைப்பைப் பார்க்கவும்" என்பதுதான் முகப்புக் குறிப்பு.

ஒருமுறை கூட்டம் தொடங்குமுன்னே ஒரு உறுப்பினர் ஃபோனைக் காட்டிக்கொண்டு வந்தார். "தம்பி, நிலுவை 9இலிருந்து 6க்கு வந்திட்டுது. அப்ப வீட்டுத் திருத்தக் கடனின் எல்லையைக் கூட்டலாம்தானே?" வரைபில் பிழை இல்லை. அவர் பிழையாக வாசிக்கவும் இல்லை. ஆனால் அந்தக் கோடு ஏன் கீழே போனது என்பது எனக்கு மட்டுமே தெரிந்திருந்தது; அதை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. அதன்பிறகுதான் வரைபுகளோடு ஒரு பக்கக் குறிப்பும் வைக்கத் தொடங்கினேன்.

அந்தக் குறிப்பை எழுதும் விதத்தை, அந்த உறுப்பினர் கேட்ட அதே 2024 ஜூலை முதல் செப்டெம்பர் வரையான காலாண்டுக்குப் பின்னர் எழுதிப் பார்த்ததை வைத்துக் காட்டுகிறேன். சங்கத்தின் தொகைகளை அப்படியே தரவில்லை. கணக்கு விளங்கும்படி வசதியான எண்களாக மாற்றியிருக்கிறேன். திருவிழாத் திகதிகளும் வரி வீதமும் மட்டும் உள்ளபடியே.

முதலில் தீர்மானத்தைத் தேடுங்கள்

குறிப்பை வரைபு 1இலிருந்து தொடங்க வேண்டாம். கூட்ட நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பாருங்கள். அதில் சபை கை உயர்த்தித் தீர்மானிக்க வேண்டிய விடயங்கள் எவை? எங்கள் நிரலில் இரண்டு இருந்தன: வீட்டுத் திருத்தக் கடனின் எல்லையை உயர்த்துவதா, அடுத்த ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்கு எவ்வளவு சரக்கு எடுப்பது. இவற்றைத் தொடும் வரைபுகள்தான் குறிப்புக்குள் வரும். மூன்றாவது இடத்தை, சபையில் யாராவது நிச்சயம் கேட்கப்போகும் வரைபுக்கு வைத்துக்கொள்வேன். மற்ற எட்டு வரைபுகளும் தொகுப்பில் இருக்கட்டும், குறிப்பில் வேண்டாம்.

மூன்றுக்கு மேல் எழுத ஆசை வரும். நாலாவதை எழுதிப் பார்த்தால், அது ஏற்கெனவே உள்ள ஒன்றின் வால் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கண்டதை ஒரு வசனமாக எழுதி, அதை உடைக்கப் பாருங்கள்

குறிப்பு எழுதும் நேரத்தில் பெரும்பகுதி இங்கேதான் போகும். நிலுவையை எடுத்துக்கொள்வோம். என் முதல் வசனம் இது: "30 நாளுக்கு மேல் தவணை தவறிய கடன் ஜூன் இறுதியில் 9 வீதம், செப்டெம்பர் இறுதியில் 6 வீதம்."

எந்த வீதத்தைக் கண்டாலும் அதை மேலே ஒன்று, கீழே ஒன்று என்று பிரித்து எழுதுங்கள். ஜூனில் மொத்தக் கடன் மீதி 4 கோடி ரூபா, அதில் தவறியது 36 இலட்சம். செப்டெம்பரில் மொத்தம் 6 கோடி, தவறியது 36 இலட்சம். மேலே உள்ள எண் அசையவே இல்லை! கீழே உள்ளது பெருத்ததால்தான் வீதம் குறைந்தது. மாரிக்கு முன் கூரை திருத்த வேண்டும் என்று பலர் கேட்டதால், ஜூலையில் தொடங்கிய வீட்டுத் திருத்தக் கடனாக 2 கோடியே 50 இலட்சம் வெளியே போயிருந்தது. பழைய கடனிலும் கொஞ்சம் அடைந்ததால் மொத்தம் 6 கோடியில் நின்றது.

சரி, புதிய கடனில் ஏன் நிலுவை இல்லை? நல்லவர்களாகப் பார்த்துக் கொடுத்தோம் என்று சொல்ல ஆசைதான். திகதியைப் பாருங்கள். இது மாதத் தவணைக் கடன். ஓகஸ்ட் 1ஆம் திகதி கடன் எடுத்தவரின் முதல் தவணை செப்டெம்பர் 1. அவர் ஒரு சதமும் கட்டாவிட்டாலும் செப்டெம்பர் 30இல் அவர் தவறிய நாள் 29தான். 30 நாளுக்கு மேல் என்ற கணக்குக்குள் அவர் வரவே முடியாது. புதிய கடனில் 2 கோடி, ஓகஸ்ட் 1ஆம் திகதியோ அதற்குப் பின்னரோ கொடுத்தது. அந்த 2 கோடி கீழே இருந்து வீதத்தைக் குறைக்கிறது, மேலே வர வழியில்லை. ஜூலையில் கொடுத்த 50 இலட்சத்தில் மட்டும் 1 இலட்சம் தவறியிருந்தது.

ஆகவே காலாண்டுக்குள் கொடுத்த கடனை ஒதுக்கிவிட்டுப் பார்த்தேன். பழைய கடன் 3 கோடியே 50 இலட்சம், தவறியது 35 இலட்சம்: 10 வீதம். "நிலுவை குறையவில்லை, 9இலிருந்து 10க்குக் கூடியிருக்கிறது" என்று எழுதி, ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்த பெருமையோடு கணக்காளரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஜூன் கணக்கிலும் புதுக் கடனை ஒதுக்கினீரோ?"

ஒதுக்கவில்லை. ஜூனில் உள்ள 4 கோடியில் 40 இலட்சம் அந்தக் காலாண்டில் கொடுத்தது, அதில் தவறியது ஏதுமில்லை. அதை நீக்கினால் 3 கோடியே 60 இலட்சத்தில் 36 இலட்சம். அதுவும் 10 வீதம். குறையவும் இல்லை, கூடவும் இல்லை. ஒரு பக்கத்தை மட்டும் திருத்தியதால் நானும் பிழையான கதை ஒன்றைச் சொல்ல இருந்தேன். புதுக் கடனை ஒதுக்குவது போன்ற ஒரு மட்டுப்பாட்டை ஒரு காலத்துக்குப் பிரயோகித்தால், ஒப்பிடும் மற்றக் காலத்துக்கும் அதையே செய்து பார்த்த பிறகுதான் வசனம் எழுத வேண்டும். என்னுடைய சோதனைத் தாளில் இப்போது அதுவே முதல் வரி.

இன்னொரு சந்தேகத்தையும் இங்கேயே தீர்த்துவிட வேண்டும். "தவறிய கடன்" என்றால் எது? ஒருவருக்கு 80,000 ரூபா மீதி இருக்கிறது, இரண்டு தவணையாக 10,000 தவறிவிட்டார் என்று வையுங்கள். சிலர் 10,000ஐ எழுதுவார்கள், சிலர் 80,000 முழுவதையும் எழுதுவார்கள். இரண்டும் வழக்கத்தில் உள்ள முறைகள்தான், ஆனால் வீதம் பல மடங்கு வேறுபடும். எங்கள் வரைபு முழு மீதியையும் எடுக்கிறது. இதைக் குறிப்பில் அரை வரியில் சொல்லாவிட்டால், வேறொரு சங்கத்தின் எண்ணோடு யாராவது ஒப்பிட்டு வீணாகக் கவலைப்படுவார்கள், அல்லது வீணாக மகிழ்வார்கள்.

திருவிழா நகரும், மாதம் நகராது

இரண்டாவது வரைபு நல்லூருக்குப் பக்கத்துக் கிளையின் விற்பனை. 2023 ஓகஸ்டில் 60 இலட்சம், 2024 ஓகஸ்டில் 81 இலட்சம். 35 வீத உயர்வு. வரைபில் அந்தத் தூண் மற்ற எல்லாவற்றையும் விட நெடுக்க நிற்கும். அடுத்த ஓகஸ்டுக்கு மூன்றிலொரு பங்கு கூடுதலாகச் சரக்கு எடுப்போம் என்ற யோசனை அதிலிருந்துதான் வந்தது.

நல்லூர்க் கொடியேற்றம் ஆடி அமாவாசையை ஒட்டி வருவது, அதனால் ஆங்கில நாட்காட்டியில் ஒவ்வொரு ஆண்டும் இடம் மாறும். 2023இல் கொடியேற்றம் ஓகஸ்ட் 21. 25 நாள் திருவிழாவில் 11 நாள்தான் ஓகஸ்டுக்குள் விழுந்தது, மிச்சம் 14 நாள் செப்டெம்பரில். 2024இல் கொடியேற்றம் ஓகஸ்ட் 9. 23 நாள் ஓகஸ்டுக்குள், தேரும் தீர்த்தமும் மட்டும் செப்டெம்பர் 1, 2. ஆக, அந்த 35 வீதம் 11 திருவிழா நாளை 23 திருவிழா நாளோடு ஒப்பிட்டதால் வந்தது.

இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. நாளாந்த விற்பனை கையில் இருந்தால், வரைபின் அடிக்கோட்டில் திகதியை விட்டுவிட்டு கொடியேற்றத்திலிருந்து 1ஆம் நாள், 2ஆம் நாள் என்று 25 வரை போடுங்கள். மஞ்சமும் சப்பறமும் தேரும் இரண்டு ஆண்டிலும் ஒரே இடத்தில் வந்து விழும். மாத எண் மட்டுமே இருந்தால் மூன்று மாதத்தையும் கூட்டிவிடுங்கள். இந்த இரண்டு ஆண்டும் திருவிழா முழுவதும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான காலத்துக்குள்ளேயே முடிகிறது, அதனால் காலாண்டு ஒப்பீடு நியாயமானது. 2023இல் 48, 60, 63 இலட்சம், மொத்தம் 171. 2024இல் 51, 81, 50 இலட்சம், மொத்தம் 182. உயர்வு 6 வீதத்துக்குச் சற்று மேல்.

அந்த 6 வீதத்திலும் ஒரு பங்கு விலைதான். 2024 ஜனவரி 1 முதல் பெறுமதி சேர் வரி 15இலிருந்து 18 வீதமானது. 115 ரூபாவுக்குப் போன பொருள் 118 ரூபாவுக்குப் போனால், ஒரு பொதியும் கூடுதலாக விற்காமலே தொகை 2.6 வீதம் ஏறும். இந்த வரைபு வரியோடு சேர்ந்த பில் தொகையில் போட்டது. எல்லாப் பொருளுக்கும் வரி இல்லை என்பதால் முழு 2.6ஐயும் கழிக்க முடியாது. ஆனால் திசை நிச்சயம்: உண்மையான உயர்வு 6க்குக் கீழேதான் இருக்கும். மட்டுப்பாட்டை எழுதும்போது எவ்வளவு என்று தெரியாவிட்டாலும் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம். பல நேரம் சபைக்கு அதுவே போதும்.

மூன்றிலொரு பங்கு கூடுதல் என்ற யோசனையோடு இன்னொரு சிக்கலும் இருந்தது. 2025இல் கொடியேற்றம் ஜூலை 29. ஓகஸ்டுக்கென்று சரக்கு எடுத்தால், அது வந்து இறங்கும்போது கொடி ஏறியிருக்கும்.

மட்டுப்பாடு கண்டதையே கொன்றுவிட்டால்

வரைபு 9இல் வடமராட்சிப் பக்கக் கிளையின் விற்பனை 14 வீதம் விழுந்திருந்தது. கிளை முகாமையாளரிடம் கேட்டேன். கூரை வேலைக்காக 12 நாள் கடை பூட்டிக் கிடந்ததாம். காலாண்டின் 92 நாளில் 80 நாள்தான் திறந்திருந்தது. திறந்த நாளுக்கு எவ்வளவு என்று பார்த்தால் வீழ்ச்சி 1 வீதமளவில்தான்.

இப்படி வந்தால் வழக்கமாக அந்தக் கண்டறிவைக் குறிப்பிலிருந்து எடுத்துவிடுவேன். இங்கே எடுக்கவில்லை. வரைபு தொகுப்பில் இருக்கிறது, பள்ளம் கண்ணில் படும், யாராவது கேட்பார்கள். எனவே "வீழ்ச்சி இல்லை" என்பதையே கண்டறிவாக எழுதினேன், இரண்டு வரியில்.

"ஆனால்" எங்கே வர வேண்டும்

மட்டுப்பாடுகளையெல்லாம் சேர்த்துக் கடைசியில் ஒரு பந்தியாகப் போடுவது பலரின் வழக்கம். எனக்கு அது பிடிப்பதில்லை. ஃபோனில் வாசிப்பவர் கடைசிப் பந்திக்கு வரமாட்டார். வந்தாலும் எது எதற்கு என்று பொருத்திப் பார்க்கமாட்டார். ஒவ்வொரு "ஆனால்"உம் அது திருத்தும் எண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வரைபில் தெரியும் எண்ணை முதலில் சொல்லுங்கள், வாசிப்பவர் அதைத்தான் கண்டிருப்பார். அடுத்து அது ஏன் அப்படித் தெரிகிறது, அப்புறம் சரியான எண். கடைசியாக, இதை வைத்து என்ன தீர்மானிக்கலாம், எதைத் தீர்மானிக்கக் கூடாது.

வெற்று மட்டுப்பாடுகளைக் கண்டால் வெட்டுங்கள். "தரவுப் போதாமை காரணமாக முடிவுகளில் சிறு மாற்றங்கள் ஏற்படலாம்" என்ற வசனத்தை எந்த அறிக்கையிலும் ஒட்டலாம். எந்தத் தரவு, எந்த எண், எந்தப் பக்கம் மாறும் என்று மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அது எழுதியவரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. "எனக் கருதப்படுகிறது", "எனலாம்" போன்றவையும் அப்படித்தான். யார் கருதுகிறார்கள்? தெரிந்ததை நேரே சொல்லுங்கள். தெரியாததற்கு எப்போது தெரியவரும் என்று சொல்லுங்கள். புதிய கடனின் தரம் செப்டெம்பரில் தெரியாது, ஆனால் டிசெம்பர் இறுதிக் கணக்கில் அவை எல்லாமே குறைந்தது மூன்று தவணைகளைக் கடந்திருக்கும். அந்த மாதத்தைக் குறிப்பில் எழுதினால் சபைக்கு அது பதில் போலவே பயன்படும்.

அலகையும் ஒன்றாக வையுங்கள். எக்செலில் மில்லியன், சபையில் பேசுவது இலட்சம், கோடி. வரைபில் "40 மில்லியன்" என்றும் குறிப்பில் "4 கோடி" என்றும் இருந்தால் கூட்டத்தின் முதல் பத்து நிமிடம் அதில் போய்விடும். எங்கள் சபைக்கு வரைபையே இலட்சத்துக்கு மாற்றிவிட்டேன்.

குறிப்பு முழுவதுமாக

பணிப்பாளர் சபைக்கு,

2024 ஜூலை – செப்டெம்பர் காலாண்டு வரைபுகள் 11 இணைக்கப்பட்டுள்ளன. சபையின் தீர்மானம் வேண்டியவை இரண்டு: வீட்டுத் திருத்தக் கடனின் எல்லை (வரைபு 4), அடுத்த ஆண்டுத் திருவிழாச் சரக்கு (வரைபு 6). எண்கள் செப்டெம்பர் 30 கணக்கின்படி. இன்னும் கணக்காய்வு செய்யப்படவில்லை.

1. கடன் நிலுவையில் மாற்றம் இல்லை. வரைபு 4இல் அது 9இலிருந்து 6 வீதத்துக்குக் குறைந்ததாகத் தெரியும். தவறிய தொகை இரு காலாண்டிலும் 36 இலட்சமே. புதிதாக 2 கோடியே 50 இலட்சம் கடன் கொடுத்ததால் வீதம் குறைந்தது. அந்தந்தக் காலாண்டில் கொடுத்த புதிய கடனை நீக்கினால் இரண்டிலும் 10 வீதம். (தவறியவரின் முழுக் கடன் மீதியும் கணக்கில் எடுக்கப்பட்டுள்ளது.) ஓகஸ்ட் 1 முதல் கொடுத்த 2 கோடியில் தவணை தவறியவர் இருந்தாலும் இந்த வரைபில் தெரியாது. எல்லையை உயர்த்தும் தீர்மானத்தை, டிசெம்பர் இறுதிக் கணக்கு வரும் ஜனவரிக் கூட்டத்துக்கு ஒத்திவைக்குமாறு கேட்கிறேன்.

2. நல்லூர்க் கிளையின் விற்பனை காலாண்டில் 6 வீதம் உயர்ந்தது. வரைபு 6இல் ஓகஸ்ட் மட்டும் 35 வீதம் உயர்ந்ததாகத் தெரிவது, திருவிழாவின் 23 நாள் இம்முறை ஓகஸ்டுக்குள் வந்ததால் (2023இல் 11 நாள்). வரி உயர்வும் சேர்ந்திருப்பதால் உண்மையான உயர்வு 6 வீதத்திலும் குறைவு. 2025 கொடியேற்றம் ஜூலை 29. சரக்கு ஜூலை நடுப்பகுதிக்குள் வர வேண்டும். அளவை மூன்றிலொரு பங்கு கூட்டுவதற்கு இந்த எண்களில் ஆதாரம் இல்லை.

3. வடமராட்சிக் கிளையில் வீழ்ச்சி இல்லை. வரைபு 9இல் காணும் 14 வீதக் குறைவு, கூரை வேலைக்காக 12 நாள் பூட்டியதால். திறந்த நாளுக்கான விற்பனை சென்ற ஆண்டைவிட 1 வீதமே குறைவு.

ஏனைய வரைபுகளில் சபையின் கவனத்துக்கு விசேடமாக எதுவும் இல்லை.

அனுப்புமுன்

குறிப்பு பிடிஎஃப்பின் முதல் பக்கமாகவே இருக்கட்டும், தனிக் கோப்பாக வேண்டாம். வட்ஸ்அப்பில் இரண்டு கோப்பு போனால் ஒன்றுதான் திறக்கப்படும். குறிப்பில் சொன்ன வரைபு எண்கள் தொகுப்பில் அதே எண்ணோடு இருக்கின்றனவா என்று கடைசியாக ஒருமுறை பாருங்கள், நடுவில் ஒரு வரைபைக் கழற்றினால் எல்லாம் ஒன்று தள்ளிப்போகும். ஒரு பிரதி எடுத்து கறுப்பு வெள்ளையில் போட்டோக்கொப்பி அடித்துப் பாருங்கள். எங்கள் சபையில் மூன்று பேர் கொமினிகேசனில் அச்செடுத்துத்தான் வாசிப்பார்கள்; சிவப்புக் கோடும் பச்சைக் கோடும் அந்தத் தாளில் ஒரே சாம்பல். இப்போது ஒன்றைப் புள்ளிக் கோடாக்கி, ஆண்டைக் கோட்டின் நுனியிலேயே எழுதிவிடுகிறேன்.

வரைபு 4இன் தலைப்பையும் மாற்றினேன். "கடன் நிலுவை வீதம்" என்றிருந்தது "நிலுவை வீதம்: புதிய கடன் சேர்த்தும் நீக்கியும்" என்றானது, கோடும் இரண்டானது. வரைபு மட்டும் தனியாக யாருக்காவது போய்ச் சேர்ந்தால் குறிப்பு கூடப் போகாது அல்லவா.

அனுப்பிய பிறகு பிழை கண்டால், கோப்பைச் சத்தமில்லாமல் மாற்றி மறுபடி போடாதீர்கள். ஒரு கையில் பழையதும் மறு கையில் புதியதுமாகக் கூட்டம் நடக்கும். "வரைபு 6, செப்டெம்பர் எண் 52 அல்ல, 50 இலட்சம், கண்டறிவு 2 மாறவில்லை" என்று ஒரு வரியும், பெயரில் "திருத்தம் 1" என்று போட்ட புதிய கோப்பும் ஒன்றாகப் போகட்டும்.